மொத்த வியாபாரிக்கு ஒரு விலைப்பட்டியல்: அளவுக்கு ஏற்ற விலையும் ஆளுக்கு ஏற்ற விலையும்

கல்முனை பஜாரில் ஒரு மொத்தக் கடைக்குள் நின்று பார்த்தால், ஒரே கொப்பிக்கு ஒரு மணித்தியாலத்துக்குள் நான்கு விலை சொல்லப்படுவதைக் கேட்கலாம். ஒரு டசின் கேட்பவருக்கு ஒன்று, கட்டுக்கட்டாகத் தூக்குபவருக்கு இன்னொன்று, களுவாஞ்சிகுடியில் இருந்து மாதாமாதம் வருகிற கடைக்காரருக்கு முதலாளி வாயால் ஒப்புக்கொண்ட ஒன்று, மட்டக்களப்பில் இருந்து பாடசாலைப் பொதி கட்ட வரும் தொண்டு நிறுவனத்துக்குக் கடிதத்தில் எழுதிக் கொடுத்த ஒன்று. நான்கும் நியாயமான விலைகள்தான். முதலாளி கடையில் இருக்கும்வரை எல்லாம் சரியாக ஓடும். அவர் ஜும்ஆவுக்கோ கோயிலுக்கோ போன நேரத்தில் கல்லாவில் நிற்கிற பொடியன் எந்த விலையைப் போடுவான்? அதைக் கடதாசியில் கொண்டுவருவதுதான் இந்த வழிகாட்டியின் வேலை.

ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு கடைசிவரை போகப் போகிறேன்: 80 பக்கக் கொப்பி. ஒரு பொருளுக்குச் சரியாக அமைந்துவிட்டால் மற்ற முந்நூறு பொருளுக்கும் அதே வரிகளைப் போட்டுக்கொண்டு போகலாம். கீழே வருகிற விலைகள் கணக்கைக் காட்டுவதற்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். உங்கள் கடை விலையைப் போட்டு அதே கணக்கைச் செய்யுங்கள்.

முதலாவது: கடைக்கு வந்து இறங்கிய விலை

கம்பனி பில்லில் உள்ள விலையோடு தொடங்க வேண்டாம். கொழும்பில் இருந்து லொறிக் கூலி, இறக்கு கூலி, மாரி மழையில் ஈரம் பட்டு மூலை மடிந்து ஒதுக்குகிற கொப்பிகள், இதெல்லாம் சேர்ந்த பிறகு ஒரு கொப்பி உங்கள் றாக்கையில் ஏறும்போது என்ன விலை என்பதுதான் அடி. நம் உதாரணத்தில் அது 88 ரூபா.

அடுத்து, மொத்த விலையில் ஆகக் கூடியது எது என்று தீர்மானியுங்கள். ஒரு டசின் வாங்குபவர் கொடுக்கிற விலை அது. 105 ரூபா என்று வைப்போம். இதை நான் அடிப்படை விலை என்று சொல்கிறேன். மற்ற எல்லா விலையும் இதில் இருந்து கீழே மட்டும்தான் இறங்க வேண்டும். ஒருவருக்காவது இதற்கு மேல் ஏறுகிற மாதிரிப் பட்டியல் அமைக்கக் கூடாது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், பொருளின் உச்ச சில்லறை விலையை அல்லது மொத்த விலையைக் கடையில் பார்வைக்கு வைக்கச் சொல்கிறது. நீங்கள் தொங்கவிடுகிற பட்டியலில் 105 என்று இருந்தால், உள்ளே நடக்கிற எல்லாக் கழிவும் அதற்குக் கீழேதான் இருக்க வேண்டும்.

கொப்பி அட்டையில் அச்சிட்ட சில்லறை விலை இருந்தால் அதையும் பட்டியலில் ஒரு நிரலாகப் போடுங்கள். வாங்க வருகிற கடைக்காரர் உங்கள் 105 ஐ மட்டும் பார்ப்பதில்லை. அட்டையில் உள்ள விலைக்கும் உங்கள் விலைக்கும் நடுவில் தனக்கு என்ன மிஞ்சும் என்றுதான் பார்க்கிறார். அதற்கு மேல் அவர் விற்க முடியாது.

இரண்டாவது: அளவுப் படிகளை எங்கே வைப்பது

பெரும்பாலான கடைகளில் இதைக் கண்மதிப்பில்தான் செய்கிறார்கள். 12 க்கு 105, 120 க்கு 101, 600 க்கு 97 என்று எழுதிவிட்டு, "கூட எடுத்தால் குறைச்சுத் தாறம்" என்று சொல்வார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

வழக்கமாக ஒரு கடைக்காரர் 100 கொப்பி எடுக்கிறார். 105 ரூபா விலையில் ஒரு கொப்பிக்கு 17 ரூபா இலாபம், மொத்தம் 1,700 ரூபா. உங்கள் பட்டியலைப் பார்த்துவிட்டு அவர் 120 எடுக்கிறார். இப்போது ஒரு கொப்பிக்கு 13 ரூபா, மொத்தம் 1,560 ரூபா. இருபது கொப்பி கூடுதலாகக் கொடுத்து 140 ரூபாவையும் இழந்திருக்கிறீர்கள்.

மேல்படியிலும் இதே கதை. 400 கொப்பி எடுப்பவரிடம் 101 ரூபா விலையில் 5,200 ரூபா இலாபம். அவர் 600 க்குப் போனால் 97 ரூபா விலையில் 5,400 ரூபா. இருநூறு கொப்பியைக் கட்டி ஏற்றிக் கொடுத்ததற்கு உங்களுக்குக் கிடைத்தது 200 ரூபா, அதாவது கொப்பிக்கு ஒரு ரூபா. அந்த இருநூறை அடுத்த நாள் டசின் டசினாக விற்றிருந்தால் கொப்பிக்கு 17 ரூபா கிடைத்திருக்கும்.

ஆகவே ஒரு படியை எழுதுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்குச் செய்யுங்கள். புதிய படியின் ஆகக் குறைந்த எண்ணிக்கையை அந்தப் படியின் இலாபத்தால் பெருக்குங்கள். வருகிற தொகையை முந்தைய படியின் இலாபத்தால் வகுங்கள். 120 க்கு 101 என்ற படியில் அது 120 × 13 = 1,560; அதை 17 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 92. இதன் பொருள்: ஏற்கெனவே 92 இற்கு மேல் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் 120 க்கு ஏறினால் உங்களுக்கு நட்டம். 92 இற்குக் கீழே எடுத்துக்கொண்டிருந்தவர் ஏறினால் இலாபம்.

இனி கடந்த ஆறு மாத பில் புத்தகங்களை எடுத்து, கொப்பி வாங்கிய எண்ணிக்கைகளை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். அவை ஒழுங்காகப் பரந்து கிடக்காது. சில எண்களைச் சுற்றிக் குவிந்திருக்கும். நம் கடையில் 24, 36, பிறகு 100, பிறகு 300 முதல் 400 வரை என்று குவிந்திருப்பதாக வைப்போம். 100 இல் இத்தனை பேர் இருக்கும்போது 120 இல் படி வைப்பது, அவர்கள் ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்த கொப்பிக்குச் சும்மா கழிவு கொடுப்பதுதான்.

படியை 144 க்கு நகர்த்துவோம். 144 × 13 = 1,872; அதை 17 ஆல் வகுத்தால் 110. இப்போது 100 எடுப்பவர் ஏறினால் 1,700 இல் இருந்து 1,872 ஆகிறது. உங்களுக்கும் இலாபம், அவருக்கும் இலாபம். 144 என்பது பன்னிரண்டு டசின், கட்டை உடைக்காமல் தூக்கிக் கொடுக்கலாம். படிகளை எப்போதும் பொதி உடையாத எண்ணில் வையுங்கள். 150 என்று வைத்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு டசின் கட்டு பிரிபடும். பிரித்த கட்டில் மிஞ்சுவதுதான் முதலில் அழுக்காகிறது.

மேல்படியில் விலையை 97 இல் இருந்து 98 ஆக்குவோம். 600 × 10 = 6,000; அதை 13 ஆல் வகுத்தால் 461. 400 எடுப்பவர் ஏறினால் 800 ரூபா கூடுகிறது. ஒரு ரூபா வித்தியாசம்தான், ஆனால் அந்தப் படியின் பலன் நான்கு மடங்காகிறது. ஆக நமது படிகள் இவை: 12 இற்கு 105, 144 இற்கு 101, 600 இற்கு 98.

இந்த முறையில் ஒரு இடுக்கு இருக்கிறது, அதைக் கல்லாவில் நிற்பவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். 143 கொப்பியின் விலை 15,015 ரூபா. 144 கொப்பியின் விலை 14,544 ரூபா. 139 முதல் 143 வரை எடுப்பவர், 144 எடுப்பவரைவிடக் கூடக் கொடுக்கிறார். அதேபோல 583 முதல் 599 வரை எடுப்பவர் 600 எடுப்பவரைவிடக் கூடக் கொடுக்கிறார். யாராவது 140 கேட்டால், "இன்னும் நாலு எடுங்க, விலை குறையும்" என்று நாமே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டு, அந்த ஆள் வீட்டுக்குப் போய்க் கணக்குப் பார்த்தால், அடுத்த முறை வேறு கடைக்குத்தான் போவார்.

இந்த இடுக்கே வராமல், 143 வரை 105 ரூபா, 144 ஆவது கொப்பியில் இருந்து மட்டும் 101 ரூபா என்று போடுகிற முறையும் உண்டு. கணக்கில் அது நேர்த்தியானது. ஆனால் ஒரே பில்லில் ஒரே பொருளுக்கு இரண்டு விலை வரும், வாங்குபவருக்கு அதை விளங்கப்படுத்துவதிலேயே நேரம் போய்விடும். நம் பக்கத்து வியாபாரத்துக்கு ஒரு பில்லுக்கு ஒரு விலை என்பதுதான் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம்.

இன்னும் ஒன்றை இப்போதே எழுதி வையுங்கள்: எண்ணிக்கையை எப்படிச் சேர்ப்பது? 80 பக்கமும் 120 பக்கமும் கலந்து 144 எடுத்தால் படி கிடைக்குமா? இன்று 100, நாளை 50 எடுத்தால்? நான் சொல்வது: ஒரு பொருள், ஒரு பில், ஒரே தடவையில் ஏற்றுவது. கலந்து எடுப்பவர்கள் அதிகம் என்றால் கொப்பி வகைகளை ஒரு கூட்டமாக்கிக் கூட்டத்துக்குப் படி வைக்கலாம். ஆனால் நாட்களைக் கடந்து சேர்க்க வேண்டாம். மாதம் முழுக்க எடுப்பவருக்கு ஏதாவது செய்ய விரும்பினால், மாத முடிவில் மொத்தத்தைப் பார்த்து ஒரு தொகையைக் கணக்கில் வரவு வைத்துக் கொடுங்கள். பில் விலையில் கை வைக்க வேண்டாம்.

மூன்றாவது: ஆளுக்கு ஏற்ற விலையை எப்படி ஒப்புக்கொள்வது

களுவாஞ்சிகுடிக் கடைக்காரர் மாதம் 300 கொப்பி எடுக்கிறார். பட்டியல்படி 101 ரூபா. ஒருநாள் அவர் கேட்கிறார்: "அண்ணன், நான் மாசம் தவறாம வாறன். அந்த அறுநூறு விலைய எனக்கும் போடுங்களன்."

உடனே சரி என்றும் சொல்ல வேண்டாம், முடியாது என்றும் சொல்ல வேண்டாம். 98 க்குக் கொடுத்தால் உங்கள் இலாபம் 3,900 இல் இருந்து 3,000 ஆகிறது. மாதம் 900 ரூபா விட்டுக்கொடுக்கிறீர்கள். அதற்குப் பதிலாக அவர் எதைத் தருகிறார்? இங்கேதான் பேச்சைத் தொடங்க வேண்டும். இதுவரை அவர் ஒரு மாதத்துக் கடனில் எடுக்கிறார், செக் கொடுக்கிறார், சாமான் உங்கள் வாகனத்தில் போகிறது. உங்கள் மேலதிகப்பற்றுக்கு வங்கி மாதம் ஒன்றரை வீதம் வட்டி எடுக்கிறது என்று வைத்தால், 101 ரூபாக் கொப்பியை ஒரு மாதம் கடனில் விடுவதற்கு ஒன்றரை ரூபா போகிறது. முந்நூறு கொப்பிக்கு ஏறத்தாழ 450 ரூபா. அவர் கைக்காசு கொடுத்து, தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால், அந்த 450 ரூபாவும் டீசல் காசும் உங்களுக்கு மிஞ்சும்.

ஆகவே நீங்கள் சொல்லக்கூடிய விலை 99. இலாபம் 3,300 ரூபா. விட்டுக்கொடுத்தது 600, திரும்பி வந்தது 450 உம் ஏற்றுக் கூலியும். அவருக்கும் மாதம் 600 ரூபா மிச்சம். இந்த விலைக்கு மூன்று நிபந்தனைகள்: கைக்காசு, சொந்த வாகனம், ஒரு பில்லில் குறைந்தது 240 கொப்பி. கடைசி நிபந்தனை இல்லாவிட்டால் பங்குனி மாதத்தில் இரண்டு டசினுக்கு வந்து நின்று அதே 99 ஐக் கேட்பார், அவர் கேட்பதிலும் பிழை இருக்காது.

இப்படிக் காரணத்தோடு கட்டப்பட்ட விலைக்கு இன்னொரு பலனும் உண்டு. களுவாஞ்சிகுடியில் இரண்டு கடைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், ஒருவர் விலை மற்றவருக்குத் தெரியாமல் இருக்காது. மற்றவர் வந்து, "அவருக்கு மட்டும் என்னண்டு 99?" என்று கேட்கும்போது, "நீங்களும் கைக்காசுக்கு எடுங்க, வண்டியக் கொண்டு வாங்க, உங்களுக்கும் அதே விலை" என்று முகம் பார்த்துச் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியாத காரணத்துக்காக ஒருவருக்குக் கொடுத்த கழிவு, கொஞ்ச நாளில் எல்லோருக்கும் கொடுத்த கழிவாக மாறிவிடும்.

அடுத்தது, விலையை எந்த வடிவத்தில் ஒப்புக்கொள்வது. "99 ரூபா" என்று நிலையான எண்ணாகச் சொல்லலாம். "உங்கள் படி விலையில் 2 ரூபா குறைவு" என்றும் சொல்லலாம். "அடிப்படை விலையில் 5 வீதம் கழிவு" என்றும் சொல்லலாம். இன்றைக்கு மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். கம்பனி விலையைக் கூட்டும் நாளில்தான் வித்தியாசம் தெரியும். கொப்பி உங்களுக்கு வந்து இறங்கும் விலை 88 இல் இருந்து 96 ஆனால், படிகள் 113, 109, 106 என்று ஏறும். "2 ரூபா குறைவு" என்று பேசியவருக்கு விலை 107 ஆகிவிடும். "99 ரூபா" என்று பேசியவருக்கு இன்னமும் 99 தான், உங்களுக்கு மிஞ்சுவது 3 ரூபா.

மாதாமாதம் வருகிற கடைக்காரருக்கு எப்போதும் "படி விலையில் இத்தனை ரூபா குறைவு" என்றே பேசுங்கள். நிலையான விலை தொண்டு நிறுவனம், பாடசாலை போன்றவர்களுக்கு மட்டும். ஏனென்றால் அவர்களுக்கு வரவு செலவுத் திட்டம் ஏற்கெனவே ஒப்புதலாகி இருக்கும், இடையில் விலை மாற்ற அவர்களால் முடியாது.

அந்தத் தொண்டு நிறுவனத்தையே பாருங்கள். புதிய ஆண்டுப் பாடசாலைப் பொதிக்கு 3,000 கொப்பி, மூன்று தடவையில் ஏற்ற வேண்டும், விலை 97. ஒரு தடவைக்குக் குறைந்தது 500, முடிவுத் திகதி ஜனவரி 31. இந்த விலை பட்டியலின் ஆகக் கீழான படியைவிடவும் குறைவு, அதனால் இது பாதுகாப்பாக இருக்க ஒரே வழி, ஒப்புக்கொண்ட நாளிலேயே 3,000 கொப்பியையும் 88 க்கு வாங்கி ஒதுக்கி வைப்பது. அதற்குக் காசு இல்லை என்றால் அவர்களிடம் முற்பணம் கேளுங்கள். ஸ்டாக் இல்லாமல் நிலையான விலைக்கு வாக்குக் கொடுத்து, நடுவில் கம்பனி விலை 96 ஆனால், மிச்சக் கொப்பிகளைக் கொப்பிக்கு ஒரு ரூபா இலாபத்துக்கு ஓடி ஓடி ஏற்ற வேண்டிவரும். வற் பதிவு உள்ள கடையாக இருந்தால், விலை வற் சேர்த்தா சேர்க்காமலா என்பதையும் கடிதத்தில் எழுதுங்கள். 2024 ஜனவரி முதல் வற் 18 வீதம். 97 ரூபா விலையில் அதை யார் சுமப்பது என்று பிறகு பேச முடியாது.

நான்காவது: இரண்டு விலை மோதினால் எது வெல்லும்

களுவாஞ்சிகுடிக்காரர் ஒரு மாதம் 600 எடுக்கிறார். அவருக்குப் பேசிய விலை 99. பட்டியல்படி 600 க்கு எல்லோருக்கும் 98. வழக்கமாக வருகிறவருக்கு யாரோ வழிப்போக்கருக்குக் கொடுப்பதைவிடக் கூட்டி விற்க முடியுமா? முடியாது. எனவே விதி இது: பேசிய விலையும் படி விலையும் இரண்டும் பொருந்தினால், எது குறைவோ அது.

ஆனால் ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றக் கூடாது. 5 வீதக் கழிவு பேசிய ஒரு ரியூசன் நிலையம் இருக்கிறது என்று வைப்போம். 105 இல் 5 வீதம் போனால் 99.75. அவர்கள் 600 எடுத்தால் 98 தான் குறைவு, 98 போடுங்கள். 98 இல் இருந்து மறுபடியும் 5 வீதம் கழித்தால் 93.10 ஆகிவிடும், உங்களுக்கு மிஞ்சுவது 5 ரூபா. கழிவு எந்த விலையில் இருந்து என்பதைப் பேசும்போதே சொல்லிவிடுங்கள்: "அடிப்படை விலையில்". இந்த ஒரு சொல் கடிதத்தில் இல்லாததால் வருகிற தகராறுகள் கொஞ்சமல்ல.

ஐந்தாவது: எக்செல்லில் அமைத்தல்

மூன்று தாள்கள் போதும். பெயர்களை ஆங்கிலத்தில் வைத்தால் சூத்திரம் எழுத இலேசு. முதல் தாள் `Breaks`, அளவுப் படிகள். நிரல்கள் முறையே பொருள் குறியீடு, குறைந்த எண்ணிக்கை, விலை, தொடங்கும் திகதி, முடியும் திகதி.

```
EX80   12   105   2025-11-01   2099-12-31
EX80  144   101   2025-11-01   2099-12-31
EX80  600    98   2025-11-01   2099-12-31
```

இரண்டாவது தாள் `Deals`, பேசிய விலைகள். நிரல்கள்: வாடிக்கையாளர் குறியீடு, பொருள், குறைந்த எண்ணிக்கை, விலை, தொடக்கம், முடிவு. ஏழாவது நிரலில் காரணம், நிபந்தனை. K07 களுவாஞ்சிகுடிக்காரர், K15 தொண்டு நிறுவனம்.

```
K07  EX80  240  =Breaks!C3-2  2025-11-01  2026-10-31
K15  EX80  500  97            2025-11-15  2026-01-31
```

K07 இன் விலையை 99 என்று தட்டாமல், 144 படியின் விலை இருக்கிற கட்டத்தில் இருந்து 2 கழித்து எழுதியிருப்பதைக் கவனியுங்கள். முதல் வரியில் தலைப்பு இருப்பதால் அந்தக் கட்டம் `C3`.

மூன்றாவது தாள் `Bill`. A திகதி, B வாடிக்கையாளர், C பொருள், D எண்ணிக்கை. E இல் படி விலை, F இல் பேசிய விலை, G இல் போட வேண்டிய விலை. சூத்திரங்கள் அதே ஒழுங்கில்:

```
=MINIFS(Breaks!C:C,Breaks!A:A,C2,Breaks!B:B,"<="&D2,Breaks!D:D,"<="&A2,Breaks!E:E,">="&A2)

=MINIFS(Deals!D:D,Deals!A:A,B2,Deals!B:B,C2,Deals!C:C,"<="&D2,Deals!E:E,"<="&A2,Deals!F:F,">="&A2)

=IF(E2=0,"CHECK",IF(F2=0,E2,MIN(E2,F2)))
```

`MINIFS` பொருந்துகிற வரிகளில் ஆகக் குறைந்த விலையை எடுத்துத் தரும். எண்ணிக்கை கூடக் கூட விலை இறங்குவதால், ஆகக் குறைந்ததுதான் சரியான படி. எக்செல் 2019 இலும் அதற்குப் பிந்தியவற்றிலும், கூகுள் ஷீட்ஸிலும் இது வேலை செய்யும், பழைய எக்செல்லில் இல்லை. பொருந்துகிற வரி ஒன்றுமே இல்லாவிட்டால் அது 0 என்று தரும். அதைக் கவனிக்காமல் விட்டால் பில்லில் விலை பூச்சியம் ஆகிவிடும். மூன்றாவது சூத்திரம் அதற்காகத்தான். `CHECK` என்று வந்தால் பொருள் குறியீடு பிழை, அல்லது ஒரு டசினுக்குக் குறைவாகக் கேட்கிறார்கள், அல்லது திகதி பிழை.

திகதியில் பிழை வருவது அடிக்கடி நடக்கும். 05/02 என்று அடித்தால் ஒரு கணினி அதைப் பெப்ரவரி 5 என்று எடுக்கும், இன்னொன்று மே 2 என்று எடுக்கும். எப்போதும் 2026-02-05 என்ற ஒழுங்கில் அடியுங்கள். கட்டத்தில் திகதி இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றால் எக்செல் அதைத் திகதியாக எடுக்கவில்லை, எழுத்தாக எடுத்திருக்கிறது என்று அர்த்தம். முடிவுத் திகதியைக் காலியாக விட்டாலும் அந்த வரி வேலை செய்யாது. அது நல்லதுதான், முடிவுத் திகதி இல்லாத பேசிய விலை ஒன்றும் உங்கள் கடையில் இருக்கக் கூடாது.

எண்ணிக்கை எப்போதும் தனிக் கொப்பிகளில். யாராவது 50 டசின் என்பதை 50 என்று அடித்தால் 98 க்குப் பதிலாக 105 வரும், வாடிக்கையாளர் உடனே சத்தம் போடுவார். மாறாக 24 கொப்பியை 24 டசினாக நினைத்து 288 என்று அடித்தால் விலை குறைந்து வரும், யாரும் சத்தம் போட மாட்டார்கள்.

அமைத்து முடிந்ததும் சில பொய்ப் பில்கள் போட்டுப் பாருங்கள். திகதியை 2025 டிசம்பருக்குள் வையுங்கள். யாரோ ஒருவர் 143 எடுத்தால் 105, 144 எடுத்தால் 101, 599 க்கு 101, 600 க்கு 98 வர வேண்டும். K07 க்கு 239 என்றால் 101, 240 என்றால் 99, 600 என்றால் 98. K15 க்கு 500 என்றால் 97, 499 என்றால் 101. 2026 பெப்ரவரி திகதி போட்டால் K15 க்கு 500 உம் 101 ஆக மாற வேண்டும். ஒவ்வொரு படியிலும் விளிம்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சோதிப்பதுதான் சோதனை. நடுவில் உள்ள எண்கள் எப்போதும் சரியாகவே வரும்.

பில் முடிவானதும் G நிரலின் விலையைக் கொப்பி பண்ணி, வெறும் எண்ணாக ஒட்டுங்கள். சூத்திரமாகவே விட்டால், பிறகு `Breaks` தாளில் யாராவது ஒரு எண்ணை மாற்றும்போது பழைய பில்லும் சேர்ந்து மாறும். கடன் கணக்கில் 14,544 என்று இருப்பது, பில்லைத் திறந்து பார்க்கும்போது வேறொன்றாக இருக்கும்.

ஆறாவது: விலை ஏறும் நாளில் செய்ய வேண்டியது

கம்பனி விலை கூடி, ஜனவரி 15 இல் இருந்து உங்கள் புதிய படிகள் 113, 109, 106. பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதியதை அடிக்க வேண்டாம், போன மாதம் என்ன விலைக்கு விற்றோம் என்ற சாட்சி போய்விடும். பழைய மூன்று வரிகளிலும் முடிவுத் திகதியை 2026-01-14 ஆக்குங்கள். அடியில் புதிய மூன்று வரிகளைச் சேருங்கள், தொடக்கம் 2026-01-15.

இந்த முறையின் ஆகப் பெரிய பலவீனம் இங்கேதான் இருக்கிறது. புதிய வரியைச் சேர்த்துவிட்டுப் பழைய வரியை மூட மறந்தால், இரண்டும் பொருந்தும், `MINIFS` குறைந்த விலையை, அதாவது பழைய விலையை எடுக்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. வாடிக்கையாளரும் முறையிட மாட்டார். நீங்கள் 96 ரூபாக் கொப்பியை 98 க்கு விற்றுக்கொண்டே இருப்பீர்கள். இதைப் பிடிக்க `Breaks` தாளின் F நிரலில் இதைப் போட்டு எல்லா வரிக்கும் இழுத்துவிடுங்கள்:

```
=COUNTIFS(A:A,A2,B:B,B2,D:D,"<="&TODAY(),E:E,">="&TODAY())
```

ஒவ்வொரு வரியிலும் 1 வர வேண்டும். 2 வந்தால் பழையது மூடப்படவில்லை. 0 வந்தால் அந்தப் படிக்கு இன்று விலையே இல்லை.

அதே நாளில் `Deals` தாளுக்கும் போங்கள். K07 இன் வரி பழைய `C3` ஐத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது, அது இன்னமும் 99 சொல்லும். அந்த வரியையும் ஜனவரி 14 இல் மூடி, புதிய படிக் கட்டமான `C6` இல் இருந்து 2 கழிக்கிற புதிய வரியை 15 இல் தொடங்குங்கள். பிறகு அவருக்கு வட்ஸ்அப்பில் ஒரு வரி: "15 ஆம் திகதியில் இருந்து உங்கள் விலை 107, வழமைபோல 240 உம் அதற்கு மேலும், கைக்காசு." பொதுப் பட்டியலைக் குழுவில் போடலாம், ஆனால் பேசிய விலையை அவரவருக்குத் தனியாகத்தான் அனுப்ப வேண்டும். விலை ஏறுவதற்கு முன்பே சொன்னால், 14 ஆம் திகதிக்குள் வந்து பழைய விலைக்கு ஒரு மாதச் சாமானை எடுத்துக்கொள்வார். அதைத் தடுக்க வேண்டாம், ஆனால் அவர் வழக்கமாக எடுக்கும் 300 க்கு மேல் பழைய விலை இல்லை என்று அந்தச் செய்தியிலேயே எழுதுங்கள்.

K15 இன் வரியைத் தொட வேண்டாம். 97 என்று எழுதிக் கொடுத்தது ஜனவரி 31 வரை 97 தான். ஒதுக்கி வைத்த கொப்பிகளில் எத்தனை ஏற்றியாயிற்று, எத்தனை மிச்சம் என்று மட்டும் `Deals` தாளின் காரண நிரலுக்குப் பக்கத்தில் ஒவ்வொரு ஏற்றுதலுக்கும் எழுதி வையுங்கள். 3,000 முடிந்த அன்றே, திகதி வரும்வரை காத்திராமல், அந்த வரியை மூடிவிடுங்கள்.